தொண்ணூறாவது நிமிடத்தில் எத்தனை லக்ஸ்? தம்பானூர் விடுதிகளும் அவசர வழி விளக்குகளும்

திருவனந்தபுரம் சென்ட்ரலில் ரயிலைவிட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரே கேஎஸ்ஆர்டிசி பேருந்து நிலையம். அதைச் சுற்றியும் மாஞ்ஞாலிக்குளம் சாலை நெடுகவும் லாட்ஜுகள். இந்தத் தம்பானூர் விடுதிகளில் தங்குகிறவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் வருகிற நோயாளிகள், கூட வரும் வயதான பெற்றோர், கைக்குழந்தையோடு வரும் தாய்மார். பகலில் ஆஸ்பத்திரி, இரவில் இரண்டாம் மாடியிலோ மூன்றாம் மாடியிலோ ஓர் அறை. கட்டடத்தின் அமைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லாதது. படி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுகூடத் தூக்கக் கலக்கத்தில் நினைவுக்கு வராது.

இந்த விடுதிகளில் பல, தெருவைப் பார்த்து ஒடுங்கியும் உள்ளே நீண்டும் கட்டப்பட்டவை. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள். நடைக்கு ஜன்னல் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே விளக்கு எரிந்தாக வேண்டும். கரண்ட் போய்விட்டால் உள்ளங்கை தெரியாத இருட்டு. பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இதற்கு நேர்மாறானது. சுருள் சுருளாக ஏறும் அந்தச் செங்கல் கட்டடத்தின் சுவரெல்லாம் துளைகள். தெருவெளிச்சமாவது உள்ளே வரும். லாட்ஜ் நடைக்கு அந்த வசதி இல்லை என்பதால் அங்கே எல்லாமே பேட்டரியில்தான் நிற்கிறது.

அவசர வழி விளக்கு என்றால் சுவரில் ஒரு பெட்டி, அதில் ஒரு பச்சைப் பொட்டு, கரண்ட் போனால் எரியும் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். தீயணைப்புத் துறையின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும் என்ற எண்ணமும் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மின்சாரம் போய் 90 நிமிடம் ஆனபிறகு, மாடிப்படிக் கதவுக்கு முன்னால் தரையில் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழுகிறது? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், வழியில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எப்படிச் சோதிப்பது ஆகிய மூன்றையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துப் படிக்கிறோம். மூன்றுக்கும் சேர்த்து விடை இருப்பது அந்த ஓர் அளவீட்டில்தான்.

இருட்டு என்ன செய்யும் என்பதை டில்லியின் உபஹார் திரையரங்கு காட்டிவிட்டது. 1997 ஜூன் 13 அன்று மாலைக்காட்சிக்கு முந்தைய காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது, தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. தீ அரங்குக்குள் வரவில்லை, புகை வந்தது. மின்சாரமும் போயிற்று. பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டு வழியைக் குறுக்கியிருந்தார்கள். அவசர விளக்கு, நடைபாதை விளக்கு, அறிவிப்புக் கருவி எதுவும் அப்போது உதவவில்லை. 59 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேல் காயம். பெரும்பாலோர் இறந்தது மூச்சுத்திணறி. வழி தெரிந்திருந்தால் சில நிமிடங்களில் கடந்திருக்கக்கூடிய தூரம் அது. வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. அடைபட்ட வழியும் எரியாத விளக்கும் அந்தத் தீர்ப்புகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

இனி அளவுகள். இந்தியாவில் இதற்கான அடிப்படை ஆவணம், இந்தியத் தரநிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பு பற்றியது. தப்பிச் செல்லும் வழியின் நடுக்கோட்டில், தரைமட்டத்தில், 10 லக்ஸுக்குக் குறையக்கூடாது என்கிறது அது. இரண்டு மீட்டர் அகலம் வரையுள்ள வழியில் பாதி அகலத்துக்காவது 5 லக்ஸ் கிடைக்கவேண்டும். விளக்கு 90 நிமிடம் எரியவேண்டும். விளக்கைக் கூடியவரை தாழ்வாகப் பொருத்தவேண்டும், ஆனால் இரண்டு மீட்டருக்குக் கீழே வேண்டாம். புகை முதலில் கூரையில்தான் தேங்கும் என்பதால் இந்தத் தாழ்வு முக்கியம். புகை முதலில் மறைப்பது கூரையோடு ஒட்டிய விளக்கின் வெளிச்சத்தைத்தான்.

ஐரோப்பாவின் இஎன் 1838 தரம் கேட்பது நடுக்கோட்டில் வெறும் 1 லக்ஸ். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 101 தொடக்கத்தில் சராசரியாக 10.8 லக்ஸும், எந்த இடத்திலும் 1.1 லக்ஸுக்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்கிறது. 90 நிமிட முடிவில் சராசரி 6.5 ஆக இறங்கலாம். ஆக, இந்திய விதி மற்றவற்றைவிடக் கடுமையானது. அமெரிக்க விதியில் 10 என்பது சராசரி, இங்கே அது மிகக்குறைந்த அளவு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளக்குகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு வரும்.

10 லக்ஸ் அதிகம் என்று சொல்லும் பொறியாளர்கள் உண்டு. நல்ல முழுநிலவு இரவில் தரையில் விழுவது 0.3 லக்ஸுக்கு மேல் இராது, அதில் நடக்க முடிகிறதே என்பது அவர்கள் வாதம். திடமான இளைஞருக்கு அது சரி. அறுபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மருந்துச் சோர்வோடு, மற்றவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தெரியாத படியில் இறங்குகிறவருக்கு ஒரு லக்ஸ் போதாது. தம்பானூரில் தங்குகிறவர்களை வைத்துப் பார்த்தால் இந்திய விதியின் 10 எனக்கு நியாயமாகவே படுகிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடையில் கிடைக்கும் விளக்குகளின் அட்டவணைகளில். 'இந்த உயரத்தில் பொருத்தினால் இத்தனை மீட்டருக்கு ஒன்று' என்று தயாரிப்பாளர் தரும் அட்டவணை பல நேரம் ஐரோப்பிய 1 லக்ஸ் கணக்கில் போட்டது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு நடையை வைத்துப் பார்ப்போம்.

நடையின் நீளம் 24 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். இரண்டு முனையிலும் மாடிப்படிக் கதவு. தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், பேட்டரியில் ஓடும்போது 300 லூமென் தரும் எல்இடி விளக்கு. ஒளி நேர் கீழே மிகுந்தும், பக்கவாட்டில் சாய்வின் கொசைனுக்கு ஏற்பக் குறைந்தும் பரவும் சாதாரண வகை என்று கொள்வோம். தூசி படிவது, எல்இடி மூப்படைவது, பேட்டரி முடியும் தருவாயில் மங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 சதவீதம் கழித்துக்கொள்வோம். சுவரிலிருந்து தெறிக்கும் ஒளியைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். சுவருக்கு நாளை யார் என்ன நிறம் அடிப்பார்கள் என்று தெரியாது. அப்படியானால் விளக்குக்கு நேர் கீழே கிடைப்பது சுமார் 12 லக்ஸ். பக்கவாட்டில் நகர நகர இது மிக வேகமாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளிப்போனால் பாதி, மூன்றரை மீட்டர் தள்ளிப்போனால் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஐரோப்பிய அட்டவணைப்படி இந்த நடைக்கு மூன்று விளக்கு போதும். ஒன்பது மீட்டருக்கு ஒன்று. இரண்டு விளக்குக்கு நடுவில் கிடைப்பது 1.4 லக்ஸ். அங்கே அது தேறும், இங்கே அது தேவையில் ஏழில் ஒரு பங்கு.

நம் விதிப்படி ஏழு விளக்கு வேண்டும். வரைபடம் போடுகிறவர் 24 மீட்டரை ஏழாகப் பங்கிட்டு ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒரு விளக்கு வைப்பார். கண்ணுக்கு அழகாக இருக்கும். விளக்குகளுக்கு நடுவில் 12 லக்ஸ் வரும். ஆனால் நடையின் முனையில், மாடிப்படிக் கதவின் முன்னால், 6 லக்ஸ்தான். காரணம் எளிது: நடுவில் நிற்கும் ஒருவருக்கு இரண்டு பக்கமிருந்தும் விளக்கு உதவுகிறது, முனையில் நிற்கிறவருக்கு ஒரு பக்கம் மட்டும்தான். நடையிலேயே மிக இருட்டான இடம், கைப்பிடியைத் தேடவேண்டிய இடமாக, கூட்டம் நெருக்கும் இடமாக, படி தொடங்கும் இடமாக அமைந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய எட்டாவது விளக்கு தேவையில்லை. முனை விளக்குகளை இரண்டு பக்கமும் கதவிலிருந்து முக்கால் மீட்டருக்குள் தள்ளிவிட்டு, மீதி ஐந்தையும் மூன்றே முக்கால் மீட்டர் இடைவெளியில் வைத்தால் போதும். கதவின் முன் கிட்டத்தட்ட 11 லக்ஸ், விளக்குகளுக்கு நடுவில் 10.7. அதே ஏழு விளக்கு, அதே செலவு. விதித்தொகுப்பும் விளக்குகளை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லும்போது கதவு, திருப்பம், படி, தரைமட்டம் மாறுமிடம், கடைசி வாசலுக்கு வெளிப்புறம், தீ எச்சரிக்கைப் பொத்தான் ஆகியவற்றின் 'அருகில்' என்கிறது. அருகில் என்றால் கிடைமட்டத்தில் இரண்டு மீட்டருக்குள். முதலில் அந்த இடங்களில் விளக்கைக் குறித்துவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புவதுதான் முறை. சமமாகப் பங்கிட்டுவிட்டுக் கதவை நினைப்பது தலைகீழ்.

கடைசி வாசலுக்கு வெளிப்புறம் என்பதையும் விட்டுவிடக்கூடாது. இந்த விடுதிகளின் பின்படி பல நேரம் ஒரு சந்தில் போய் இறங்குகிறது. சந்தில் ஓர் ஓடை மூடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, நிறுத்திய ஸ்கூட்டர்கள். உள்ளே பத்து லக்ஸில் இறங்கிவந்தவர் வெளியே இருட்டில் தடுக்கி விழுந்தால், பின்னால் வரும் வரிசை முழுவதும் படியிலேயே நின்றுபோகும்.

இப்போது பேட்டரி. 300 லூமென் எல்இடிக்கு 3 வாட் ஆகும். மின்சுற்றின் இழப்போடு சேர்த்தால் பேட்டரியிலிருந்து 3.6 வாட் இழுக்கும் என்று வைப்போம். 90 நிமிடத்துக்கு 5.4 வாட்-மணி. பேட்டரி புதிதாக இருக்கும்போது இந்தக் கணக்கு பார்த்து வாங்கினால் இரண்டாம் ஆண்டில் ஏமாற்றிவிடும். கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும் வரை பயன்படுத்துவோம் என்று கொண்டு அதற்கேற்பப் பெருக்கினால் 6.75 வாட்-மணி. 3.2 வோல்ட் 3 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்றில் 9.6 வாட்-மணி இருக்கிறது. புதிதில் 2 மணி 40 நிமிடம், தேய்ந்தபின் 2 மணி 8 நிமிடம். போதும். அதே விளக்கில் பாதிக் கொள்ளளவுள்ள செல்லைப் போட்டு விற்றால் புதிதிலேயே 80 நிமிடம்தான் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுதான், பச்சைப் பொட்டும் ஒன்றுதான்.

ஆனால் தம்பானூரில் பேட்டரியின் உண்மையான எதிரி அதன் கொள்ளளவு அல்ல. வெளியே சாதாரணமாகக் கரண்ட் போவதுதான். இடவப்பாதி மழையிலும் துலாமாத இடிமின்னலிலும் மின்சாரம் போவதும் வருவதும் வழக்கம். மாலை ஏழு மணிக்குப் போய் எட்டே காலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவசர விளக்கு அந்த எழுபத்தைந்து நிமிடமும் எரிந்திருக்கும். விருந்தினர்கள் அறையில் இருக்கிறார்கள், யாரும் வெளியேறவில்லை. தப்பிச் செல்ல வைத்த சக்தி வெறுமனே நடைவிளக்காகச் செலவாகிவிட்டது. இந்த வகை விளக்குகள் முழுதாகச் சார்ஜ் ஆக 24 மணி நேரம் வரை எடுக்கலாம். இரவு பதினோரு மணிக்கு ஏசியில் தீப்பிடித்தால், 90 நிமிடமே தாங்கும் பேட்டரியில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். 90 நிமிட விதி எழுதப்பட்டது, பேட்டரி நிறைந்திருக்கிறது என்ற அனுமானத்தில்.

பிரிட்டனில் இதற்கு ஒரு பதில் உண்டு. மக்கள் தூங்கும் கட்டடங்களிலும், உடனே காலிசெய்ய முடியாத கட்டடங்களிலும் அங்கே மூன்று மணி நேரப் பேட்டரி வைக்கிறார்கள். இங்கேயும் வைக்கலாம். ஆனால் ஒரே மாலையில் இரண்டு முறை நீண்ட நேரம் கரண்ட் போனால் மூன்று மணியும் கரைந்துவிடும். என் கருத்தில் இன்னும் நல்ல வழி, இரண்டு வேலையையும் இரண்டு கருவிக்குப் பிரித்துக் கொடுப்பது. கரண்ட் போனால் நடையில் வெளிச்சம் தருவது இன்வெர்ட்டரின் வேலை. அது ஏற்கெனவே பல லாட்ஜுகளில் இருக்கிறது. தப்பிச் செல்ல வெளிச்சம் தருவது தனிப்பேட்டரி விளக்கின் வேலை. அந்த விளக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பதை, இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கத்தில், நடைவிளக்குகள் எரியும் அதே கம்பியில் செய்யவேண்டும். அப்போது வாரியத்தின் மின்சாரம் போனாலும் நடையில் இன்வெர்ட்டர் வெளிச்சம் இருக்கும், அவசர விளக்கு எரியாது, அதன் பேட்டரி நிறைந்தே இருக்கும். இன்வெர்ட்டர் நின்றாலோ, அந்தக் கம்பி கருகினாலோ, அந்த மாடியின் எம்சிபி மட்டும் விழுந்தாலோ உடனே எரியும்.

கடைசியாகச் சொன்னது மிகவும் கவனிக்கவேண்டியது. பல இடங்களில் அவசர விளக்குகளுக்குத் தரைத்தளத்து மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி இழுத்துவிடுகிறார்கள். தீ மூன்றாம் மாடியில் தொடங்கி அந்த மாடியின் விளக்குச் சுற்று மட்டும் போனால், மெயின் போர்டில் மின்சாரம் இருக்கிறது என்று அவசர விளக்குகள் சும்மா இருக்கும். எந்த இடத்து இருட்டைப் போக்கவேண்டுமோ அந்த இடத்துச் சுற்றைத்தான் விளக்கு கவனிக்கவேண்டும். இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருப்பதும் நல்லது. சதுர அலை தரும் மலிவு வகையில் இந்த விளக்குகளின் சார்ஜர் சூடேறிப் பழுதாகலாம்.

இன்வெர்ட்டர் மட்டும் போதாதா, எதற்குத் தனிப்பேட்டரி என்று விடுதிக்காரர்கள் கேட்பது இயல்பு. ஒரு மேலாளர் என்னிடம், "சார், நூற்றைம்பது ஆம்பியர் பேட்டரி ரெண்டு வெச்சிருக்கோம், விடியவிடிய எரியும்" என்றார். விடியவிடிய எரியும்தான், அந்தப் பேட்டரியும் அதிலிருந்து வரும் கம்பியும் பிழைத்திருந்தால். இன்வெர்ட்டர் பெரும்பாலும் இருப்பது மாடிப்படிக்குக் கீழே. அங்கே தீப்பிடித்தால் எல்லா மாடியும் ஒரே நேரத்தில் இருளும். அதோடு தம்பானூர் தாழ்வான இடம். ஆமயிழஞ்சான் தோடு ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது. பெருமழையில் ரயில் நிலையத்தின் முன்னும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தண்ணீர் நிற்பது ஊரறிந்தது. 2015இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் ஓடைகளைத் தூர்வாரி ஆக்கிரமிப்புகளை அகற்றியதே அதற்காகத்தான். அடித்தளத்திலோ தரைத்தளத்திலோ ஒரே இடத்தில் குவித்துவைத்த பேட்டரி அங்கே நீரிலும் போகலாம், தீயிலும் போகலாம். 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது இதுதான் நடந்தது: மின்சாரமும் அவசர மின்சாரமும் ஒருசேரப் போய், ஆயிரக்கணக்கானோர் புகை நிறைந்த இருட்டுப் படிகளில் இறங்கினார்கள். அதன்பிறகு அங்கே படிகளுக்குப் பேட்டரி விளக்குகளும், இருளில் ஒளிரும் வண்ணமும் வந்தன. மையப் பேட்டரி தவறு என்பதல்ல. பெரிய மருத்துவமனைக்கும் பேருந்து நிலைய வளாகம் போன்ற கட்டடத்துக்கும் அதைப் பராமரிப்பது எளிது. ஆனால் அதற்குத் தீயெதிர்ப்பு அறை, தீயைத் தாங்கும் கம்பி, வெள்ள மட்டத்துக்கு மேல் இடம் மூன்றும் வேண்டும். இருபது அறை லாட்ஜுக்கு விளக்குக்குள்ளேயே பேட்டரி இருப்பதுதான் பொருந்தும்.

ரீசார்ஜபிள் இன்வெர்ட்டர் பல்பு என்று மளிகைக் கடையில்கூட விற்கும் பல்புகளையும் நடைகளில் பார்க்கிறேன். வீட்டுக்கு அவை நல்லவை. தப்பும் வழிக்கு ஆகாது. கரண்ட் போனதா, யாராவது சுவிட்சை அணைத்தார்களா என்பதைப் பல்பு தனக்குள் வரும் இரண்டு கம்பிக்கு இடையேயான மின்தடையை வைத்து ஊகிக்கிறது. தீயில் எம்சிபி விழுந்து, அந்தச் சுற்றில் வேறு எந்தக் கருவியும் இல்லாவிட்டால், சுவிட்ச் அணைக்கப்பட்டது என்று நினைத்து எரியாமலே இருந்துவிடக்கூடும். எரிந்தாலும் பேட்டரியில் அதன் ஒளி, அட்டையில் போட்ட வாட்டுக்கு உரிய ஒளியைவிடக் குறைவாகவே இருக்கும்.

வெப்பமும் பேட்டரியைத் தின்னும். ஈயஅமிலப் பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. மேல்மாடியில், வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரைக்கு அடியில், போலிக்கூரைக்கு மேலே பெட்டியைச் செருகிவைத்தால் நான்காண்டு பேட்டரி இரண்டாண்டு தாங்கினாலே அதிகம். நிக்கல் காட்மியமும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டும் வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அவற்றுக்கும் எல்லை உண்டு.

இதையெல்லாம் வாங்கும்போதே பார்த்துவிட முடியாது, சோதித்தால்தான் தெரியும். பல நாடுகளில் ஒப்புக்கொண்ட முறை இரண்டு அடுக்கு கொண்டது. மாதம் ஒருமுறை, மின்சாரத்தைச் சிறிது நேரம் துண்டித்து, ஒவ்வொரு விளக்கும் எரிகிறதா என்று பார்ப்பது; அமெரிக்க விதியில் அது 30 நொடி. ஆண்டுக்கொருமுறை, முழு நேரமும் எரியவிட்டுப் பார்ப்பது. லாட்ஜுகளில் நடப்பது, நடந்தால், முதலாவது மட்டும். பெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துவார்கள், விளக்கு எரியும், பதிவேட்டில் 'சரி' என்று எழுதுவார்கள். பத்து நிமிடம் மட்டுமே தாங்கும் பேட்டரியும் அந்த 30 நொடியில் பிரகாசமாக எரியும். மாதச் சோதனை சொல்வது விளக்கும் மாற்றுச் சுவிட்சும் வேலை செய்கின்றன என்பதை மட்டுமே. கொள்ளளவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆண்டுச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு நியாயமான பயம் உண்டு. எல்லா விளக்கையும் 90 நிமிடம் எரித்துக் காலிசெய்துவிட்டால், மறுநாள் வரை கட்டடத்துக்குப் பாதுகாப்பில்லை. ஆட்கள் தூங்கும் இடத்தில் அப்படிச் செய்யக்கூடாது. அதனால் விளக்குகளுக்கு எண் கொடுத்து, ஒற்றைப்படை எண்களை ஒரு நாளும், இரட்டைப்படை எண்களை ஒரு வாரம் கழித்தும் சோதிக்கவேண்டும். காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போனபின் தொடங்குவது வசதி. சோதிக்காத பாதி எப்போதும் நிறைந்திருக்கும்.

ஜன்னலில்லாத நடை என்பதால் பகலிலும் லக்ஸ் அளக்கலாம். தரையில் லக்ஸ்மீட்டரை வைத்து, ஆள் நிழல் விழாமல் தள்ளி நின்று, நான்கு இடங்களில் அளந்தால் போதும்: இரண்டு கதவின் முன், நடுவில் இரண்டு விளக்குக்கு இடையே, படியின் முதல் வளைவில். பாதி விளக்குகளே எரிவதால் அன்று எல்லா இடத்திலும் 10 லக்ஸ் வராது. கவனிக்கவேண்டியது முதல் நிமிட அளவுக்கும் 90ஆம் நிமிட அளவுக்கும் உள்ள விகிதம். முதலில் 6 இருந்து கடைசியில் 5 என்றால் நல்லது. 6 இருந்து 2 ஆனால், பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தாலும் விளக்கு தேறவில்லை. முழு 10 லக்ஸ் வருகிறதா என்பதை, விளக்கு பொருத்தியவுடன், ஆட்கள் குடிவருவதற்கு முன், ஒருமுறை எல்லா விளக்கையும் எரித்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். கைபேசிச் செயலி இதற்கு உதவாது. பத்து லக்ஸுக்குக் கீழே அது சொல்லும் எண்ணை நம்பமுடியாது.

பதிவேட்டில் 'சரி', 'சரியில்லை' என்று எழுதுவதைவிட, எந்த விளக்கு எத்தனையாவது நிமிடத்தில் அணைந்தது என்று எழுதினால் பழுதின் காரணம் தானே தெரியவரும். ஒரு விளக்கு மட்டும் 40 நிமிடத்தில் அணைந்தால் அதன் செல் கெட்டிருக்கிறது, மாற்றிவிடலாம். மேல்மாடி விளக்குகள் எல்லாம் சீக்கிரம் அணைந்தால் வெப்பம். ஒரு மாடி முழுவதும் சீக்கிரம் அணைந்து மற்ற மாடிகள் தேறினால், பெரும்பாலும் அந்த மாடியின் பணியாளர் இரவு நடைவிளக்குகளைச் சுவிட்சில் அணைக்காமல் எம்சிபியில் இறக்கிவிடுகிறார். விளக்கு அதைக் கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு இரவெல்லாம் எரிந்து, தினமும் அடிவரை காலியாகி, ஓராண்டிலேயே செத்துப்போகிறது. நான் பார்த்த ஒரு விடுதியில் இதற்கு மறுபக்கமும் நடந்திருந்தது. தினமும் இரவில் 'தேவையில்லாமல்' எரிகிறது என்று யாரோ பேட்டரியின் இணைப்பையே உருவிவைத்திருந்தார்கள். மின்சாரம் இருந்ததால் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே சிவப்பும் கறுப்புமான இரண்டு கம்பி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. பச்சைப் பொட்டு சார்ஜருக்கு மின்சாரம் வருவதைச் சொல்கிறதா, பேட்டரிக்குள் மின்சாரம் போவதைச் சொல்கிறதா என்று வாங்கும்போதே கேட்கவேண்டும். தன்னைத்தானே சோதித்துச் சிவப்புக் காட்டும் விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. அவை இந்த ஏமாற்றத்துக்கு இடம்தருவதில்லை. ஆனால் மூன்றாம் மாடி மூலையில் எரியும் சிவப்புப் பொட்டை யார், எந்தக் கிழமை போய்ப் பார்ப்பது என்பதை எழுதிவைத்தாக வேண்டும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு தானாகச் சட்டமாவதில்லை; மாநில விதிகள் அதை ஏற்கும்போதுதான் கட்டாயமாகிறது. கேரளத்தின் 2019 நகராட்சிக் கட்டட விதிகள் தீப்பாதுகாப்புக்கு அதையே சுட்டுகின்றன. தடையின்மைச் சான்றிதழ் தருவதும் புதுப்பிப்பதும் தீயணைப்பு மீட்புத் துறை. ஆகவே புதிதாக ஒரு சட்டம் எழுதவேண்டியதில்லை. புதுப்பிக்க வரும் அதிகாரி, விளக்குகளை எண்ணுவதற்குப் பதிலாக இரண்டு பக்கங்களைக் கேட்டால் போதும்: கட்டி முடித்த நாளில் எல்லாக் கதவுகளின் முன்னும் எடுத்த லக்ஸ் அளவு, கடந்த ஆண்டின் முழுநேரச் சோதனையில் ஒவ்வொரு விளக்கும் அணைந்த நிமிடம். பேட்டரி மாற்றியிருந்தால் மாற்றிய தேதி பெட்டியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கவேண்டும். 24 மணி நேரம் சார்ஜ் ஏற்றியபின் அந்த விளக்குக்கு மட்டும் மறுபடி 90 நிமிடச் சோதனை நடந்ததா என்பதும் அதே பக்கத்தில் இருக்கவேண்டும். அந்தப் பக்கம் இல்லாத விடுதியில், வரவேற்பறையில் நின்றபடியே மூன்றாம் மாடியின் ஒரு எம்சிபியை இறக்கச் சொல்லி, மேலே போய்ப் பார்த்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.